பத்தடி வாசலுக்கு ஒரு ஆர்ச்: செங்கல்லை எந்த விளிம்பில் எண்ணுவது?

கோத்தகிரிக்குக் கீழே சித்தப்பாவின் வீட்டை ஒட்டி ஒரு பழைய கொட்டகை இருக்கிறது. ஒரு காலத்தில் பறித்த தேயிலையை எடை போட்டு மூட்டை கட்டிய இடம். முன்பக்கம் முழுக்கத் திறந்த வாசல், அகலம் சரியாக 3 மீட்டர். அதன் மேல் போட்டிருந்த யூகலிப்டஸ் உத்தரம் சுவருக்குள் போகும் இரண்டு முனைகளிலும் உளுத்துப் போயிருந்தது. கடப்பாரை நுனியால் குத்தினால் ஈரமான ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. கான்கிரீட் லிண்டல் போட்டால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். ஆனால் சித்திக்கு அங்கே செங்கல் வளைவு வேண்டும் என்று நெடுநாள் ஆசை, எனக்கும்தான். இரண்டு வருடம் முன்பு மூன்றடி ஜன்னலுக்கு ஒரு வளைவு கட்டியிருந்தேன். பத்தடிக்குக் கட்டியதில்லை.

கூரையைச் சில்வர் ஓக் முட்டுகளில் நிறுத்திவிட்டு, உத்தரத்தையும் அதன் மேலிருந்த சுவரையும் பிரித்து இறக்கினோம். அப்புறம்தான் கணக்கு.

முதலில் முடிவு செய்ய வேண்டியது உயரம். வளைவு உட்காரும் மட்டத்திலிருந்து அதன் அடிப்பக்க உச்சிவரை எவ்வளவு எழும்ப வேண்டும் என்பது. சித்தப்பா ஒரு அடி போதும் என்றார், தட்டையாக இருந்தால் அழகு என்று. அழகுதான். ஆனால் வளைவு தன் பாரத்தைக் கீழே மட்டும் இறக்காது, இரு பக்கச் சுவர்களையும் வெளியே தள்ளும். அந்தத் தள்ளலைத் தோராயமாகக் கணக்கிட எளிய வழி உண்டு: ஒரு மீட்டருக்கு விழும் பாரத்தை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கி, உயரத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். எங்கள் வளைவின் மேல் வரும் சுவரும் தகரக் கூரையும் சேர்ந்து மீட்டருக்குச் சுமார் 400 கிலோ. உயரம் 30 செ.மீ. என்றால் தள்ளல் 1,500 கிலோ. 60 செ.மீ. என்றால் அதில் பாதி, 750 கிலோ. இடப்பக்கம் நீளமான கருங்கல் சுவர், கவலை இல்லை. வலப்பக்கம் மூலை வரை இருப்பது வெறும் 70 செ.மீ. அகலத் தூண். அதை நம்பி ஒன்றரை டன் தள்ளலை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. 60 செ.மீ. என்று முடிவு செய்தேன். அதோடு வளைவு உட்காரும் மட்டத்தில் ஒரு 16 மி.மீ. கம்பியைக் குறுக்கே கொடுத்து, தூணின் வெளிப்பக்கம் இரும்புத் தகடும் நட்டும் வைத்துப் பிடித்தோம். அந்தக் கம்பி இரண்டு டன் இழுவையைத் தாராளமாகத் தாங்கும். வாசலின் குறுக்கே தெரியும் என்பது உண்மைதான். சுவர் 2.1 மீட்டர் உயரத்தில் நிற்பதால் தலையில் இடிக்காது.

அகலம் 300, உயரம் 60 என்று ஆனபின் ஆரம் தானாக வந்துவிடும். பாதி அகலத்தின் வர்க்கத்தையும் உயரத்தின் வர்க்கத்தையும் கூட்டி, உயரத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். 22,500 கூட்டல் 3,600, வகுத்தல் 120. ஆரம் 217.5 செ.மீ. அதாவது வட்டத்தின் மையம், வளைவு உட்காரும் மட்டத்துக்கு 157.5 செ.மீ. கீழே இருக்கும்.

அடுத்தது வளைவின் நீளம். கால்குலேட்டரில் கோணம் தட்டிக் கண்டுபிடிக்கலாம். நான் பழகிய வழி வேறு. ஒரு ஓரத்திலிருந்து உச்சிக்கு நேராக நூல் பிடித்தால் எவ்வளவு? 26,100-இன் வர்க்கமூலம், 161.55 செ.மீ. அதை எட்டால் பெருக்கி, முழு அகலமான 300-ஐக் கழித்து, மூன்றால் வகுத்தால் 330.8. கோணம் போட்டுப் பார்த்தால் 331.0. இரண்டு மி.மீ. வித்தியாசம். கொத்து வேலைக்கு இது போதும். அரைவட்டத்தைவிட நன்றாகத் தட்டையான வளைவுகளுக்கு இந்தக் குறுக்கு வழியை நம்பலாம்.

இந்த இடத்தில்தான் தவறினோம்.

செங்கல் மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் ஏறி வர வேண்டும். கீழே கிடைக்கும் விலையும் இங்கே வந்து இறங்கும் விலையும் ஒன்றல்ல, அதனால் எண்ணித்தான் வாங்குவோம். மேஸ்திரி அண்ணன் எனக்கு இருபது வருடம் மூத்தவர், கை சுத்தமானவர். அவர் சொன்னார்: “தம்பி, செங்கல் ஏழு, கலவை முக்கால், ஏழே முக்கால். முன்னூத்தி முப்பத்தொண்ணை அதால வகுத்தா நாற்பத்தி மூணு வரிசை. சுவர் ஒரு செங்கல் கனம், வரிசைக்கு ரெண்டு. எண்பத்தாறு. நூறு சொல்லிடு.” எனக்கும் சரியென்றே பட்டது. நூறு வந்தது. வழியிலேயே ஐந்து உடைந்திருந்தது.

மூன்றடி ஜன்னல் வளைவுக்கு இந்தக் கணக்கு பொருந்தியது, ஏனென்றால் அங்கே செங்கல்லைச் சீவாமல் அப்படியே வைத்தோம். சீவாத செங்கல் மேலும் கீழும் ஒரே கனம். அடிப்பக்கம் நெருக்கமாக உட்காரும், மேல்பக்கம் கலவை அகலமாக விரியும். அடிப்பக்கம்தான் நெருக்கடி என்பதால் எண்ணிக்கையை அடிப்பக்க நீளத்தில் போடுவது சரி. இங்கே நாங்கள் ஆப்புச் செங்கல் வைக்கப் போகிறோம். அதாவது மேல்முனை முழுக் கனம் 7 செ.மீ., கீழ்முனை சீவி மெலிந்தது. முழுக் கனம் இருப்பது மேல் விளிம்பில். ஆகவே எண்ணிக்கையையும் மேல் விளிம்பின் நீளத்தில்தான் போட வேண்டும்.

இது தாளில் எனக்குத் தெரியவில்லை, தரையில் தெரிந்தது. களத்து சிமெண்ட் தரையில் வளைவை முழு அளவில் வரைந்து வைத்திருந்தேன். மையத்தில் ஒரு ஆணி, 217.5-இல் ஒரு கோடு, செங்கல் நீளம் 22-ஐச் சேர்த்து 239.5-இல் இன்னொரு கோடு. சீவி முடித்த செங்கற்களை நடுவிலிருந்து இரு பக்கமும் கலவைக்கு இடம் விட்டு அடுக்கிக்கொண்டே போனேன். நாற்பத்து மூன்று வரிசை தீர்ந்தது. இடது ஓரத்தில் இரண்டு வரிசைக்கான இடம் காலி, வலது ஓரத்திலும் அதே. மேஸ்திரி வந்து இடுப்பில் கை வைத்து ஒரு நிமிடம் பார்த்தார். “மேல எண்ணணும்டா” என்றார். பிறகு தானே உட்கார்ந்து மேல் கோட்டில் டேப் பிடித்தார்.

மேல் கோட்டின் நீளத்துக்கு மறுபடி பெரிய கணக்கு வேண்டாம். ஆரங்களின் விகிதம் போதும். 331 பெருக்கல் 239.5 வகுத்தல் 217.5, விடை 364.5 செ.மீ. கீழ் விளிம்பைவிட 33 செ.மீ. நீளம். அந்த 33 செ.மீ.தான் எங்களுக்குக் குறைந்த நான்கு வரிசை.

சரியான கணக்கு இப்படி. வரிசைகளைவிடக் கலவைச் சந்துகள் ஒன்று கூடுதல், ஏனென்றால் இரண்டு ஓரத்திலும் சுவரோடு சேரும் இடத்தில் ஒவ்வொன்று உண்டு. 364.5-இலிருந்து ஒரு சந்து 0.8-ஐக் கழித்து, 7.8-ஆல் வகுத்தால் 46.6. அதை 47 என்று எடுத்தோம், உச்சியில் ஒரு செங்கல் உட்கார வேண்டும் என்றால் எண் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். இனி 47 செங்கல் 7 செ.மீ. வீதம் 329. மீதி 35.5-ஐ 48 சந்துகளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் 7.4 மி.மீ. அதே 48 சந்துகளையும் கீழ் விளிம்பிலும் விட்டால், 331-இலிருந்து 35.5 போக 295.5. அதை 47-ஆல் வகுத்தால் 6.29. ஆக, ஒவ்வொரு செங்கல்லின் கீழ்முனையும் 6.3 செ.மீ.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. சீவ வேண்டிய அளவு 7 மி.மீ. என்று வந்ததற்குக் காரணம் வாசலின் அகலம் மட்டுமல்ல, ஆரமும் வளைவின் கனமும். இதே பத்தடிக்கு ஒரு அடி உயரம் மட்டும் எழுப்பியிருந்தால் ஆரம் 390 செ.மீ. ஆகும், சீவல் நான்கு மி.மீ.தான் வரும். அப்படியானால் சீவாமலே கட்டியிருக்கலாமா? எங்கள் வளைவைக்கூடச் சீவாமல் கட்ட முடியும். 43 வரிசை வைத்தால் கலவை கீழே 7 மி.மீ., மேலே ஒன்றரை செ.மீ. கிட்ட வரும். நிற்கும். ஆனால் கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழை சுவரை மாதக்கணக்கில் நனைக்கிறது. கனத்த கலவைச் சந்து அதிகம் சுருங்கும், அதன் வழியே ஈரம் இறங்கும். சந்து ஒரே சீராக இருந்தால் வளைவும் ஒரே சீராக இறுகும். அதற்காகத்தான் இரண்டு நாள் தூசு தின்றோம்.

வரிசைக்கு இரண்டாக 94 செங்கல் வேண்டும். கையில் இருந்தது 95, சீவும்போது நான்கு போனது, மிச்சம் 91. மூன்று குறைந்தது. மூன்று செங்கல்லுக்கு லாரி ஏறி வராது. சித்தியின் பழைய கோழிக்கூண்டுத் திண்ணையைப் பெயர்த்து நல்லதாகப் பார்த்து எடுத்தோம். அவை 7.4 செ.மீ. கனம், இரு முகத்திலும் சீவ வேண்டியதாயிற்று. இனிமேல் நூற்றுக்குப் பத்து கூடுதல் என்பதைச் சரியான எண்ணிக்கையின் மேல் போடுவேன். இங்கே அது 104.

கனத்தை அளப்பதிலும் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஒரு செங்கல்லை அளந்து நம்பக் கூடாது. எங்கள் குவியலில் 6.8-உம் இருந்தது, 7.2-உம் இருந்தது. இருபது செங்கல்லை இடைவெளி இல்லாமல் வரிசையாக நிறுத்தி மொத்த நீளம் அளந்தேன், 140 செ.மீ. அதை இருபதால் வகுத்து வந்ததே 7.

சீவுவதற்கு ஒரு மரப்பெட்டி செய்தேன். மூடி இல்லாத நீளப் பெட்டி, பக்கப் பலகைகள் ஒரு முனையில் 7 செ.மீ. உயரம், மறுமுனையில் 6.3. செங்கல்லை உள்ளே படுக்க வைத்தால், பலகைக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதுதான் போக வேண்டிய பகுதி. கிரைண்டரில் கப் வீல் மாட்டி, பலகை மேல் தவழவிட்டுத் தேய்த்தால் சரிவு தானாகக் கிடைக்கும். பத்துச் செங்கல்லிலேயே பலகையின் விளிம்பு தேய ஆரம்பித்தது. மேலே பட்டை இரும்பை ஆணியடித்த பிறகு நிலைத்தது. செங்கல்லில் குழி இருக்கும் முகத்தைச் சீவக் கூடாது. ஓரங்கள் மெலிந்து உடைந்துவிடும், எங்கள் முதல் இரண்டு அப்படித்தான் போயின. குழியைக் கீழே வைத்து, சமதளமான முகத்தைத் தேய்க்க வேண்டும். செங்கல் நனைந்திருந்தால் தூசு பாதி அடங்கும். முகமூடி கட்டாயம்.

வரிசைக்கு இரண்டாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வளைவின் நடுவே நீளவாக்கில் ஒரே சந்து ஓடிவிடும். வளைவு முன்பாதி பின்பாதி என்று பிரியக்கூடும். அதனால் ஏழெட்டு வரிசைக்கு ஒரு வரிசையில் செங்கல்லைச் சுவரின் கனத்துக்குக் குறுக்கே, ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு வைத்தோம். அங்கேயும் இரண்டுதான், எண்ணிக்கை மாறாது. சரிவு மட்டும் செங்கல்லின் அகலவாக்கில் வர வேண்டும், அதைப் பெட்டியில் செய்ய முடியவில்லை. கோடு போட்டுக் கையால் தேய்த்தோம்.

கலவைக்கு நான் எப்போதும் கழித்தல் கணக்குதான் போடுவேன். வளைவின் மொத்தக் கன அளவிலிருந்து செங்கல்லின் கன அளவைக் கழித்தால் மிச்சம் கலவை. வளைவின் நடுக்கோட்டு நீளம், மேலுக்கும் கீழுக்கும் நடுவே, 347.8 செ.மீ. உயரம் 22, சுவர் கனம் 22. பெருக்கினால் 168 லிட்டர். சீவிய செங்கல் சராசரிக் கனம் 6.65, நீளம் 22, அகலம் 10.5, ஒன்றுக்கு 1.536 லிட்டர், 94-க்கு 144. மிச்சம் 24 லிட்டர். செங்கல் குழிகள் கலவையைக் குடிக்கும். எங்கள் குழி சுமார் பத்துக்கு நான்கு, ஒரு செ.மீ. ஆழம். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 4 லிட்டர். 28-க்கு மேல் சிந்துவதற்கு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் 34 லிட்டர் நனைந்த கலவை.

ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு சுண்ணாம்புத் தூள், ஆறு பங்கு மணல் என்று கலந்தோம். உலர்ந்த பொருள் கலந்து நனையும்போது அமுங்கும், ஆகவே 34-ஐ 1.3-ஆல் பெருக்கி 44 லிட்டர் உலர்ந்த பொருள். எட்டில் ஒரு பங்கு 5.5 லிட்டர் சிமெண்ட், அதாவது சுமார் 8 கிலோ. சுண்ணாம்பும் 5.5 லிட்டர், சலித்த மணல் 33 லிட்டர். பத்து லிட்டர் பெயிண்ட் வாளியால் அளந்தோம், மணல் மூன்றரை வாளி போனது. வெறும் சிமெண்ட் கலவை இதைவிடக் கடினம், ஆனால் வளைவு கொஞ்சம் அசையும் இடத்தில் அது விரிசல் விடும். சுண்ணாம்பு சேர்ந்தால் மெதுவாக இறுகி, சின்ன அசைவுக்கு இடம் கொடுக்கும்.

வளைவு உட்காரும் சாய்ந்த முகத்துக்கும் கோணமானி தேவைப்படவில்லை. செங்கல் நீளம் 22-ஐ ஆரம் 217.5-ஆல் வகுத்து, பாதி அகலம் 150-ஆல் பெருக்கினால் 15.2. மையத்தின் ஆழம் 157.5-ஆல் பெருக்கினால் 15.9. அதாவது ஓரத்திலிருந்து 15.2 செ.மீ. வெளியே போய் 15.9 செ.மீ. மேலேறும் சரிவு. அந்த அளவில் ஒரு முக்கோணப் பலகை அறுத்து, அதை அச்சாக வைத்து இரு பக்கமும் கான்கிரீட் போட்டு ஒரு வாரம் விட்டோம்.

சென்ட்ரிங் வேலை இரண்டு ப்ளைவுட் வளைவுகளும் அவற்றின் மேல் குறுக்கே அடித்த ரீப்பர்களும். ரீப்பர் கனம் 2 செ.மீ., ஆகவே ப்ளைவுட்டை 217.5-இல் அறுக்கக் கூடாது, 215.5-இல் அறுக்க வேண்டும். இதை மறந்தால் மொத்த வளைவும் 2 செ.மீ. மேலேறி, சாய்ந்த முகத்தோடு சேராது. கீழே முட்டுகளுக்கு எதிரெதிராக இரட்டை ஆப்புகள் வைத்தோம், பின்னால் இறக்குவதற்கு.

ரீப்பர் மேலேயே ஒவ்வொரு வரிசைக்கும் பென்சில் கோடு. உச்சியின் நடுவிலிருந்து தொடங்கி, ஒரு செங்கல்லும் ஒரு சந்தும் சேர்ந்து 7.03 செ.மீ. ஒன்றிலிருந்து அடுத்ததை அளந்துகொண்டே போனால், அரை மி.மீ. தவறு 23 தடவையில் ஒரு செ.மீ.க்கு மேல் வளர்ந்துவிடும். டேப்பை உச்சியில் பிடித்தபடி 7.03, 14.06, 21.09 என்று கூட்டிக்கொண்டே குறித்தேன். அப்படியே ஓரத்தில் வந்து நின்றது.

கட்டும்போது இடது ஒன்று, வலது ஒன்று என்று மாற்றி மாற்றி ஏறினோம். ஒவ்வொரு பக்கமும் பத்து வரிசை ஏறியதும் சென்ட்ரிங்கின் உச்சி லேசாக மேலே தூக்கியது, நூலில் 3 மி.மீ. தெரிந்தது. பக்கங்களை அமுக்கினால் நடு எழும்பத்தான் செய்யும். இன்னும் வைக்க வேண்டிய செங்கல்லையே உச்சியில் அடுக்கினோம். இறங்கிவிட்டது.

கடைசியாக உச்சிச் செங்கல். அதற்கு மேல்பக்கம் 8.5 செ.மீ. இடம் இருக்க வேண்டும், இருந்தது 8.1. 46 வரிசையில் நான்கு மி.மீ. தின்றிருக்கிறோம். ஒரு ஜோடியை இன்னும் கொஞ்சம் தேய்த்து, இரு முகத்திலும் கலவை பூசி, மரச்சுத்தியால் தட்டி இறக்கினார் மேஸ்திரி. கலவை இரண்டு பக்கமும் பிதுங்கி வந்தது. பிதுங்காமல் இருந்தால் உள்ளே காலி இருக்கிறது என்று அர்த்தம், எடுத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும்.

பிப்ரவரி இரவுகளில் நல்ல குளிர், கலவை மெதுவாகத்தான் இறுகும். ஈரச் சாக்கு போட்டு மூடி, பகலில் வெயில் வந்த பின்பே தண்ணீர் தெளித்தோம். ஐந்தாம் நாள் முதல் இரு தோள்களின் மேலும் சுவரை உச்சி மட்டம் வரை எழுப்பினோம். தோளில் பாரம் இல்லாமல் சென்ட்ரிங்கை எடுத்தால், வளைவின் தோள் வெளியே புடைத்து உச்சி தொங்கக் கூடும்.

பதினெட்டாம் நாள் காலை, குறுக்குக் கம்பியின் நட்டைக் கையால் இறுக்கி, ஸ்பேனரில் கால் சுற்று கொடுத்தோம். உச்சிக்குக் கீழே ஒரு ஆணியடித்து அதன் மட்டத்துக்கு நூல் கட்டினேன். ஆப்புகளை இரு பக்கமும் சமமாக, ஒரு தட்டுக்குக் கொஞ்சமாகத் தளர்த்தினோம். சென்ட்ரிங் ஒரு விரல் அளவு இறங்கி நின்றது. ரீப்பருக்கும் செங்கல்லுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. உச்சி 2 மி.மீ. இறங்கியிருந்தது, அதற்கு மேல் போகவில்லை. அப்படியே ஒரு நாள் விட்டுவிட்டு மறுநாள்தான் முட்டுகளை எடுத்தோம்.

பயப்பட வேண்டிய அடையாளம் ஒன்றுண்டு. உச்சியில் அடிப்பக்கமும், தோள்களில் மேல்பக்கமும் ஒரே சமயம் சந்து வாய் திறந்தால், பக்கச் சுவர் விலகுகிறது என்று பொருள். அதற்காக உச்சியின் அடியில் ஒரு சந்தின் குறுக்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஒரு பட்டை பூசி, தேதி எழுதி வைத்திருக்கிறேன். தூணின் வெளித்தகடு அருகிலும் ஒன்று. இரண்டும் இன்றுவரை முழுசாக இருக்கின்றன. வடகிழக்கு மழை முடிந்து சுவர் நன்றாக ஊறிய பிறகு மறுபடி பார்த்து, நட்டையும் ஒரு தடவை சோதிக்க வேண்டும். சித்தி அதற்குள் குறுக்குக் கம்பியில் இரண்டு ஃபெர்ன் தொட்டிகளைத் தொங்கவிட்டிருக்கிறார். அவற்றை மட்டும் ஓரமாக நகர்த்தச் சொல்லியிருக்கிறேன்.